வங்கிப் பக்கம்: உங்கள் செக் பணம் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டால்...

"ஐயா, ஈரோட்டில் மஞ்சள் விற்றதற்கு வியாபாரி 1,84,600 ரூபாய்க்கு செக் கொடுத்தார். பிப்ரவரி 24-ம் தேதி என் கணக்கு இருக்கும் கிளைக்குப் போய், கவுன்ட்டரில் கொடுத்து, சலானில் சீல் வாங்கி வந்தேன். பத்து நாள் கழித்து பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் பணம் ஏறவே இல்லை. வியாபாரியோ, 25-ம் தேதியே தன் கணக்கில் கழிந்துவிட்டது என்று ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் காட்டுகிறார். கிளையில் விசாரித்தால், பக்கத்து ஊரில் என் பெயரே உள்ள இன்னொருவர் கணக்கில் தவறுதலாக ஏறிவிட்டதாம். அவர் அதில் பாதிக்கு மேல் எடுத்தும்விட்டாராம். 'அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் கட்டியதும் உங்களுக்குப் போட்டுவிடுகிறோம்' என்கிறார்கள். மார்ச் 16-ம் தேதி எனக்கு கேசிசி பயிர்க்கடன் கெடு. இந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தேன். நான் அந்த ஆளைப் போய்ப் பார்ப்பதா, வியாபாரியிடம் வேறு செக் கேட்பதா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்.

இந்தக் கேள்வி வந்த அன்றே வாசகரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டேன். கெடு தேதி நெருங்கியதால், அடுத்த இதழ் வரை காத்திருக்க முடியாது. இதே சிக்கல் வேறு சிலருக்கும் வந்திருப்பது கடிதங்களில் தெரிகிறது. அதனால் அவருக்குச் சொன்னதையும், அதன்பின் நடந்ததையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அந்த இன்னொருவரைப் பார்க்கப் போகவே வேண்டாம். அவருக்கும் உங்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. நீங்கள் செக்கைக் கொடுத்தது வங்கியிடம். வசூலித்து உங்கள் கணக்கில் சேர்ப்பதாக ஏற்றுக்கொண்டு சீல் போட்டதும் வங்கிதான். வியாபாரியின் வங்கியிலிருந்து பணம் 25-ம் தேதியே உங்கள் வங்கிக்கு வந்துவிட்டது. வந்த பணத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பது அவர்கள் வீட்டுக்குள் நடந்த விஷயம். தவறாகப் பெற்ற பணத்தைத் திருப்பித்தர அந்த இன்னொருவர் கடமைப்பட்டவர். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-வது பிரிவில் அப்படித்தான் சொல்கிறது. அவரிடம் வசூலிக்கும் வேலையும் வங்கியுடையது. அவர் நாளைக்கே கட்டினாலும், ஆறு மாதம் இழுத்தாலும், உங்களுக்கு வரவேண்டியது அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 'அவர் கொடுத்ததும் போடுகிறோம்' என்பது கிளையின் வசதிக்குச் சொல்லும் பேச்சு.

வியாபாரியிடம் இன்னொரு செக் கேட்பதும் சரியல்ல. அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, அவரைப் பொறுத்தவரை மஞ்சளுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: அந்தச் செக் கழிந்த வரி தெரியும்படி ஸ்டேட்மென்ட்டின் ஒரு பக்க நகல். மற்ற வரிகளை அவர் மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. தேதி, செக் நம்பர், தொகை மூன்றும் தெரிந்தால் போதும். வங்கிக்கு எதிராக உங்கள் கையில் உள்ள வலுவான சான்றுகள் இரண்டு. சலானின் அடிக்கட்டை, செக்கை எந்தக் கணக்குக்குக் கொடுத்தீர்கள் என்பதைக் காட்டும். இந்த நகல், பணம் வந்து சேர்ந்ததைக் காட்டும்.

தவறு யாருடையது என்பதை எப்படி உறுதி செய்வது? அடிக்கட்டையில் உள்ள கணக்கு எண்ணை உங்கள் பாஸ்புக்கோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். நமது வாசகர் ஒப்பிட்டார், சரியாக இருந்தது. செக்கின் பின்பக்கமும் அதே எண்ணை எழுதியிருந்தார். அப்படியானால் கணினியில் ஏற்றும்போதுதான் பிசகு நடந்திருக்கிறது. கடைசி நான்கு இலக்கத்தில் இரண்டை இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள். வழக்கமாக ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் சரிபார்ப்பார். திரையில் வரும் பெயரும் செக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இங்கே பெயரும் முதலெழுத்தும் அச்சாக ஒன்று. அதனால் சரிபார்த்தவர் கண்ணிலும் படவில்லை. இப்போதெல்லாம் செக்கின் படம்தான் வியாபாரியின் வங்கிக்குப் போகிறது, காகிதம் நீங்கள் கொடுத்த வங்கியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே செக்கையும் பின்பக்கத்தையும் எடுத்துப் பார்ப்பது அவர்களுக்குச் சிரமமான காரியம் இல்லை.

'சலானில் நானே எண்ணைத் தவறாக எழுதிவிட்டால்?' என்று சிலர் கேட்கலாம். அப்போது உங்கள் நிலை கொஞ்சம் பலவீனம்தான், ஆனால் அதோடு முடிந்துவிடாது. 'அக்கவுன்ட் பேயி' என்று கோடு போட்ட செக்கை, அதில் பெயர் எழுதப்பட்டவரின் கணக்கில்தான் வங்கி வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. பெயரை ஒப்பிடும் பொறுப்பு வங்கிக்கு இருக்கிறது. நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைப்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 'எண்ணைத் தப்பாகக் கொடுத்தது உங்கள் தவறு' என்று செக்குக்கும் சொல்லும் ஊழியர்கள் உண்டு. செக் என்றால் அந்தப் பதில் முழுமையானது அல்ல.

இனி கடிதம். 'என் பணத்தைச் சீக்கிரம் போடுங்கள்' என்று எழுதினால் பணம் மட்டும் வரும், நஷ்டம் உங்களோடு நின்றுவிடும். நமது வாசகர் விஷயத்தில் அந்த நஷ்டம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சேமிப்புக் கணக்கில் 1,84,600 ரூபாய் இருந்திருந்தால், ஆண்டுக்கு 2.5 சதவிகித வட்டியில் 21 நாளைக்குக் கிடைப்பது சுமார் 265 ரூபாய். இது பெரிய தொகை இல்லை. கேசிசி கடன்தான் பெரிய விஷயம். அவர் வாங்கியது 1,60,000 ரூபாய். ஓராண்டுக்கு 7 சதவிகித வட்டி 11,200 ரூபாய். ஆக, கெடுவன்று கட்ட வேண்டியது 1,71,200. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகித ஊக்கச் சலுகையாக 4,800 ரூபாய் திரும்ப வரும், உண்மையில் 4 சதவிகிதம்தான் விழும். ஒரு நாள் தவறினாலும் அந்த 4,800 போய்விடும். கெடுவுக்குப் பிறகு உள்ள நாள்களுக்கு வங்கியின் சாதாரண வட்டி வேறு. ஆக, வங்கி செய்த பிசகில் 265 ரூபாய் வட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தால், 4,800 ரூபாயை விட்டுவிட்டு வந்தவர் ஆவோம்.

இதற்குக் கேட்க வேண்டிய சொல் 'வேல்யூ டேட்'. தமிழில் மதிப்புத் தேதி என்கிறார்கள். பதிவு எழுதும் நாள் எதுவாக இருந்தாலும், அந்தப் பணம் எந்த நாளிலிருந்து உங்கள் கணக்கில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதே மதிப்புத் தேதி. மார்ச் 18-ல் பதிவு போட்டாலும், பிப்ரவரி 25 என்று மதிப்புத் தேதி கொடுத்தால், சேமிப்பு வட்டி தானாகவே அன்றிலிருந்து கணக்காகும். கடன் கணக்கிலும் அப்படியே. வங்கியின் கணினியில் இதற்கு வசதி இருக்கிறது. கேட்பவருக்குத்தான் அதைச் செய்வார்கள்.

வாசகர் மார்ச் 9-ம் தேதி கொடுத்த கடிதம் இது. பெயரையும் எண்களையும் எடுத்துவிட்டுத் தருகிறேன். தமிழிலேயே எழுதலாம், கையால் எழுதினாலும் செல்லும்.

அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண், சேமிப்புக் கணக்கு எண்.

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், வங்கியின் பெயர், கிளை.

பொருள்: 24.02.2026 அன்று செலுத்திய காசோலைத் தொகை ரூ.1,84,600 வேறு கணக்கில் வரவு வைக்கப்பட்டது. மதிப்புத் தேதியுடன் என் கணக்கில் வரவு வைக்கக் கோருதல்.

ஐயா,

24.02.2026 அன்று தங்கள் கிளைக் கவுன்ட்டரில், என் பெயருக்கு எழுதப்பட்ட, அக்கவுன்ட் பேயி கோடிட்ட காசோலை ஒன்றை (எண், வங்கி, தேதி, தொகை ரூ.1,84,600) மேற்கண்ட என் கணக்கில் வரவு வைக்கச் செலுத்தினேன். சலானில் என் கணக்கு எண் சரியாக எழுதப்பட்டுள்ளது. தங்கள் சீல் இடப்பட்ட அடிக்கட்டையின் நகல் இணைப்பு 1.

இந்தக் காசோலைக்கான பணம் 25.02.2026 அன்று காசோலை கொடுத்தவரின் கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது. அவரது ஸ்டேட்மென்ட் நகல் இணைப்பு 2.

என் கணக்கில் இன்றுவரை இத்தொகை வரவாகவில்லை. பாஸ்புக் நகல் இணைப்பு 3. 06.03.2026 அன்று நேரில் விசாரித்தபோது, வங்கியின் பதிவில் ஏற்பட்ட தவறால் தொகை வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டது.

ஆகவே, (அ) ரூ.1,84,600-ஐ 25.02.2026 மதிப்புத் தேதியிட்டு என் கணக்கில் வரவு வைக்கும்படியும், (ஆ) தங்கள் கிளையிலேயே உள்ள என் கேசிசி கடன் கணக்கின் (எண்) கெடு 16.03.2026 என்பதால், இத்தொகையிலிருந்து நிலுவை முழுவதையும் அன்றைய மதிப்புத் தேதியிலேயே கடனில் வரவு வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தையே அதற்கான என் ஒப்புதலாகக் கொள்ளவும்.

தாமதத்தால் ஊக்கச் சலுகை மறுக்கப்பட்டாலோ, அபராத வட்டி, குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் போன்றவை பிடிக்கப்பட்டாலோ, அவற்றையும் வங்கியே ஈடுசெய்ய வேண்டும். வேறு கணக்கிலிருந்து தொகையைத் திரும்பப் பெறுவது வங்கிக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் இடைப்பட்டது. என் வரவை அதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு, கையொப்பம், நாள், இடம்.

இதில் கோபம் ஒரு வரியிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'அலட்சியம்', 'மோசடி', 'ஊழியர் மீது நடவடிக்கை' என்றெல்லாம் எழுதத் தோன்றும். எழுதினால் மேலாளரின் முதல் வேலை ஊழியரைக் காப்பாற்றுவதாகிவிடும், கோப்பு விளக்கம் கேட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். பிசகை அவர்களே வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தேதியோடு காகிதத்தில் பதிவு செய்துவிட்டாலே போதும். யார் சொன்னார் என்று பெயர் போட வேண்டியதும் இல்லை.

அந்த இன்னொருவரின் பெயரையும் கணக்கு எண்ணையும் கடிதத்தில் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்ல வங்கிக்கு அனுமதி இல்லை. அதைக் கேட்டால் 'தர இயலாது' என்று பதில் எழுதிக் கடிதத்தை முடித்துவிடுவார்கள், உங்கள் உண்மையான கோரிக்கை அப்படியே நிற்கும்.

கடன் பற்றிய (ஆ) பகுதியைக் கெடு தேதிக்கு முன்பே கொடுத்ததுதான் இந்தக் கடிதத்தின் உயிர். கெடு தாண்டிய பிறகு 'இதில் கட்டலாம் என்று நினைத்திருந்தேன்' என்று சொன்னால், நினைத்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். 9-ம் தேதி சீல் போட்ட கடிதம் கையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. உங்கள் பயிர்க்கடன் வேறு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்தால் இந்த வழி பயன்படாது. ஒரு வங்கியின் பிசகுக்காக இன்னொரு வங்கி மதிப்புத் தேதி தராது. அப்போது கைமாற்றோ நகைக்கடனோ வாங்கியாவது கெடுவுக்குள் கட்டிவிட்டு, அதற்கு ஆன வட்டியை ரசீதோடு பிசகு செய்த வங்கியிடம் கேளுங்கள். 4,800 ரூபாய் இழந்துவிட்டுக் கேட்பதைவிட, சில நூறு ரூபாய் செலவழித்துவிட்டுக் கேட்பது சுலபம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். அசல் அடிக்கட்டையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும்தான். கடிதத்தை வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கோ இணையதளத்துக்கோ அதே வாசகத்தை அனுப்பினால் ஒரு புகார் எண் வரும். அதுவும் பின்னால் பயன்படும்.

இனி நடந்தது. மார்ச் 18-ம் தேதி 1,84,600 ரூபாய் வாசகர் கணக்கில் ஏறியது. எதிர்பார்த்தபடியே, மதிப்புத் தேதி இல்லாமல், 18-ம் தேதி வரவாகவே. கடன் கணக்கு இரண்டு நாள் கெடு தாண்டிவிட்டதாகக் காட்டியது. கூடவே, 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை' என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக வாசகர் அதில் கையெழுத்துப் போடவில்லை. 'ரூ.1,84,600 வரவானது, மதிப்புத் தேதி மற்றும் கடன் கணக்குத் திருத்தம் நிலுவையில் உள்ளது' என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்படிப்பட்ட காகிதங்களில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. தணிக்கைக்குக் கோப்பை மூட ஒரு தாள் தேவைப்படுகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டபின் பேச ஒன்றும் இருக்காது.

அதன்பின் இரண்டே பத்தியில் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தின் நகலை இணைத்து, (அ), (ஆ) இரண்டும் நிறைவேறவில்லை என்று சொல்லி, வங்கியின் 'காசோலை வசூல் கொள்கை', 'இழப்பீட்டுக் கொள்கை' இரண்டின்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டார். இந்த இரண்டும் ஒவ்வொரு வங்கியும் தானே வகுத்து வெளியிட்டிருப்பவை. வரவு தாமதமானால் எத்தனை நாளைக்கு என்ன வட்டி, தவறான பதிவுக்கு என்ன ஈடு என்று அதில் இருக்கும். கிளையில் கேட்டால் காட்ட வேண்டும், வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும். வெளியே உள்ள சட்டத்தைச் சொல்வதைவிட, அவர்கள் தாங்களே எழுதி வைத்ததைச் சொல்வது கிளையில் வேகமாக வேலை செய்கிறது. கிளை அதை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பியது. சேமிப்புக் கணக்குக்கு பிப்ரவரி 25, கடன் கணக்குக்கு மார்ச் 16 என்று மதிப்புத் தேதி திருத்தப்பட்டது. கடன் கணக்கின் புதிய ஸ்டேட்மென்ட்டை வாங்கி, கெடு தாண்டிய குறிப்பு நீங்கியதா என்று பார்க்கச் சொன்னேன், நீங்கியிருந்தது.

அப்படித் திருத்தாமல் விட்டால்? கடிதம் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் பதியலாம், விவரம் கேட்க 14448 என்ற எண். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்த ஆதாரத்தைக் கேட்பார்கள். கவுன்ட்டரில் பத்து முறை பேசியது கணக்கில் வராது. 30 நாள் முடிந்தபின் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், அதற்கும் காலவரம்பு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நடந்த பிசகு என்றால் இந்த வழி இல்லை; கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளருக்கு எழுத வேண்டும்.

ஒரு விஷயம் இடையில் சொல்ல விட்டுப்போனது. வாசகர் செக்கைப் பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் கொடுத்துச் சீல் வாங்கியிருந்தார். பெட்டியில் போட்டிருந்தால் அடிக்கட்டையில் சீல் இருக்காது, எந்த எண்ணுக்குக் கொடுத்தார் என்பதைக் காட்ட வங்கியிடம் உள்ள சலானையே நம்ப வேண்டியிருக்கும். 'பெட்டியில் போடுங்க' என்று பல கிளைகளில் கையைக் காட்டுவார்கள். கவுன்ட்டரில் கொடுக்கும் செக்குக்கு ஒப்புகை தர எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பெட்டி மேலேயே அந்த அறிவிப்பு இருக்க வேண்டும். பெரிய தொகைக்கு வரிசையில் நிற்கும் கால்மணி நேரத்தைப் பார்க்காதீர்கள்.

"என் கணக்கில் யாருடையதோ 42,000 ரூபாய் செக் வரவாகியிருக்கிறது. நான் கேட்கவில்லை, வங்கியாகத்தான் போட்டது. எடுத்துச் செலவு செய்யலாமா?"

- வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

கூடாது. மேலே சொன்ன அதே 72-வது பிரிவு இப்போது உங்கள் பக்கம் திரும்பும். வங்கி கண்டுபிடித்ததும் அந்தத் தொகையை நிறுத்திவைக்கும். செலவழித்திருந்தால், அடுத்து வரும் பால் பணத்திலும் கரும்புப் பணத்திலும் கைவைக்கும். 'இந்தத் தேதியில், இந்தச் செக் எண்ணுக்கு வந்த ரூ.42,000 என்னுடையது அல்ல, சரிபார்த்து எடுத்துக்கொள்ளவும்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை நீங்களாக யாருக்கும் கையில் கொடுக்காதீர்கள். 'அது என் பணம்தான்' என்று யார் தேடி வந்தாலும் கிளைக்கே அனுப்புங்கள். அவரிடம் கொடுத்துவிட்டு, உண்மையான சொந்தக்காரர் வேறொருவர் என்று தெரிந்தால், வங்கி உங்களிடம்தான் மறுபடியும் கேட்கும்.